மாதம் 300 வெள்ளி: டெர்ம் எடுப்பதா, எண்டோமென்ட் எடுப்பதா?

"டெர்ம் எடுத்தா கட்டின காசு அவ்வளவும் போயிடும். எண்டோமென்ட்டுல போட்டா காப்பும் உண்டு, கடைசியில காசும் கைக்கு வரும்." காப்புறுதி முகவர்கள் மட்டுமல்ல, மாமா சித்தப்பாக்களும் இதையேதான் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே பேச்சில் எத்தனை வெள்ளிக்குக் காப்பு, காசு எப்போது வரும், நடுவில் கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளும் காணாமல் போய்விடுகின்றன. ஒரே குடும்பத்தை எடுத்துக்கொண்டு அந்த மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் இரண்டும் என்ன என்று பார்த்துவிடலாம். டெர்ம் என்பது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான வெறும் காப்பு. அந்தக் காலத்துக்குள் இறந்தாலோ, பெரும்பாலான திட்டங்களில் நிரந்தரமாக முழு உடற்குறை ஏற்பட்டாலோ, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை முழுவதும் வரும். ஒன்றும் நேராவிட்டால் ஒன்றும் வராது. எண்டோமென்ட் என்பது 15, 20, 25 ஆண்டுகள் என்று ஒரு முதிர்வுத் தேதி வைத்துச் சேர்க்கும் திட்டம். அதற்குள் இறந்தால் ஒரு தொகை, உயிரோடிருந்தால் முதிர்வில் ஒரு தொகை. கட்டும் பிரீமியத்தில் பெரும்பகுதி சேமிப்புக்கே போவதால் காப்புக்கென்று மிஞ்சுவது கொஞ்சம்தான்.

நம் குடும்பத்தில் கணவருக்கு 32 வயது, புகைப்பழக்கம் இல்லை, மாதச் சம்பளம் 4,500 வெள்ளி. மனைவி பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார். பிள்ளைக்கு மூன்று வயது. புங்கோலில் வீவக வீடு, மசேநிதியிலிருந்து கடன் கட்டுகிறார்கள். காப்புக்கும் சேமிப்புக்குமாக மாதம் 300 வெள்ளி ஒதுக்க முடியும்.

எவ்வளவு காப்பு வேண்டும்? சிங்கப்பூர் நாணய ஆணையமும் நிதித்துறைச் சங்கங்களும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட அடிப்படை நிதித் திட்டமிடல் வழிகாட்டி, இறப்புக்கும் முழு உடற்குறைக்கும் ஆண்டு வருமானத்தைப்போல் ஒன்பது மடங்கு என்கிறது. இவருடைய ஆண்டு வருமானம் 54,000 வெள்ளி. ஒன்பது மடங்கு 486,000.

இதில் ஒரு பகுதி ஏற்கெனவே இருக்கக்கூடும், பலருக்கு அது தெரிவதில்லை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வேலையில் சேர்ந்து மசேநிதிக்கு முதல் சந்தா போகும்போது, டிபிஎஸ் எனப்படும் சார்ந்திருப்போர் காப்பு தானாகவே தொடங்கிவிடுகிறது. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவரை அது இருக்கும். 60 வயதுக்குள் இறந்தால் 70,000 வெள்ளி. இதுவும் ஒரு டெர்ம்தான். 34 வயதுவரை ஆண்டுக்கு 18 வெள்ளி, மசேநிதிக் கணக்கிலிருந்தே போகிறது. மசேநிதிக் கணக்கைத் திறந்து உங்களுக்கு அது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு இது கிடையாது, அவர்கள் முழுத் தொகைக்கும் தாங்களே ஏற்பாடு செய்ய வேண்டும். வீட்டுக்கடனுக்கு வீட்டுப் பாதுகாப்புத் திட்டம் தனியாக இருக்கிறது. மசேநிதிப் பணத்தில் வீவகக் கடன் கட்டுபவர்களுக்கு அது கட்டாயம் என்பதால், கடனை இந்தக் கணக்கில் மறுபடியும் சேர்க்க வேண்டாம். ஆக இன்னும் வேண்டியது 416,000 வெள்ளி.

இப்போது அந்த 300 வெள்ளியை இரண்டு வழியில் போடுவோம்.

முதல் வழி, முழுவதையும் 20 ஆண்டு எண்டோமென்ட்டில் போடுவது. காப்புத்தொகை 76,000 வெள்ளி, ஆண்டுதோறும் அதன்மேல் சிறிது போனஸ் சேரும். இது நாம் எடுத்துக்கொண்ட மாதிரிக் கணக்கு. புதிதாக வரும் சேமிப்பு எண்டோமென்ட்டுகள் பலவற்றில் இறப்புப் பலன் இதைவிடக் குறைவு: அதுவரை கட்டிய பிரீமியத்தையும் அதில் ஐந்து விழுக்காட்டையும் மட்டும் தருபவை உண்டு.

இரண்டாம் வழி, 65 வயதுவரை 400,000 வெள்ளிக்கு டெர்ம் எடுத்துவிட்டு மீதியைத் தனியே சேமிப்பது. இந்த வயதுக்கு அந்த டெர்ம் மாதம் 45 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். உண்மையான விலையை comparefirst.sg தளத்தில் பிறந்த தேதி, பாலினம், புகைப்பழக்கம் இவற்றைக் கொடுத்தால் நிறுவனவாரியாகப் பார்க்கலாம். அங்கே 'நேரடிக் கொள்முதல்' என்ற வகை இருக்கிறது. முகவர் இல்லாமல், தரகுக் கட்டணம் இல்லாமல் நேரே நிறுவனத்திடமே வாங்குவது அது. ஒரு நிறுவனத்திடம் அதிகபட்சம் 400,000 வெள்ளிவரை எடுக்கலாம். டெர்முக்கு 45 போக மாதம் 255 வெள்ளி சேமிப்புக்கு மிஞ்சுகிறது.

நான்காம் ஆண்டு முடிவில்

நான்கு ஆண்டு கழித்துக் கணவர் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கடனை வீட்டுப் பாதுகாப்புத் திட்டம் அடைத்துவிடுகிறது. மற்ற செலவுக்கு மனைவிக்கு மாதம் 3,000 வெள்ளி வேண்டும்.

எண்டோமென்ட் வழியில் 76,000-மும் சிறிது போனஸும், டிபிஎஸ் 70,000-மும் சேர்ந்து ஏறக்குறைய 146,000 வெள்ளி வரும். அது நான்கு ஆண்டுக்குத்தான் தாங்கும். பணம் தீரும்போது பிள்ளைக்குப் பதினொரு வயது, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வைக்கூட எழுதியிருக்காது.

பிரித்த வழியில் டெர்ம் 400,000, டிபிஎஸ் 70,000, அதுவரை சேர்த்த 12,240 என்று 482,000 வெள்ளிக்குமேல் வருகிறது. வட்டியே இல்லை என்று வைத்தாலும் பதின்மூன்று ஆண்டு ஓடும், பிள்ளைக்கு இருபது வயது ஆகிவிடும். விலைவாசி ஏறுவதால் நடைமுறையில் இரண்டு காலமுமே கொஞ்சம் சுருங்கும், ஆனால் பெரிய இடைவெளி அப்போதும் இருக்கும்.

இறப்பை விடுங்கள். அதைவிட அடிக்கடி நடப்பது வேலை போவது. அதே நான்காம் ஆண்டு முடிவில் ஆட்குறைப்பில் இவருக்கு வேலை போகிறது என்று வையுங்கள். பிரித்து வைப்பதன் பலன் நன்றாகத் தெரிவது இங்கேதான். சம்பளம் நின்றால் எவரும் முதலில் நிறுத்த வேண்டியது சேமிப்பை, எந்த நிலையிலும் நிறுத்தக்கூடாதது காப்பை. எண்டோமென்ட்டில் இரண்டும் ஒரே பிரீமியத்தில் பின்னிக் கிடப்பதால் ஒன்றை நிறுத்தினால் மற்றதும் போகிறது.

அவர் அதுவரை கட்டியது 14,400 வெள்ளி. சரண் செய்தால், அதாவது முறித்துப் பணத்தைக் கேட்டால், எவ்வளவு வரும் என்பது திட்டத்தைப் பொறுத்தது. முதல் ஓரிரு ஆண்டுகளில் ஒன்றுமே வராத திட்டங்கள் உண்டு. நான்காம் ஆண்டில் 8,000 வெள்ளி என்று வைத்தால் 6,400 வெள்ளி நட்டம், காப்பும் போயிற்று. முறிக்காமல் பிரீமியத்தை மட்டும் கட்டாமல் விட்டால், 30 நாள் கருணைக்காலம் முடிந்ததும் பல திட்டங்களில் நிறுவனமே அந்தச் சரண் மதிப்பிலிருந்து கடன் எடுத்துப் பிரீமியமாக வரவு வைத்துக்கொள்ளும். அந்தக் கடனுக்கு உங்களிடம்தான் வட்டி. சரண் மதிப்பு தீர்ந்ததும் ஒப்பந்தம் காலாவதியாகும். கட்டாமலே ஓடுகிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. 'பெய்ட்-அப்' ஆக்கி, இனிக் கட்டாமல் குறைந்த தொகைக்கு ஒப்பந்தத்தைத் தொடரவும் வழியுண்டு. ஆனால் ஏற்கெனவே போதாத காப்பு அதில் இன்னும் குறையும்.

பிரித்து வைத்திருந்தால் 255 வெள்ளிச் சேமிப்பை அன்றே நிறுத்திவிட்டு 45 வெள்ளியை மட்டும் கட்டிக்கொண்டிருக்கலாம். 400,000 வெள்ளிக் காப்பு அப்படியே நிற்கும். சேர்த்த 12,240 வெள்ளி சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் இருந்தால், இந்த மாதம் கேட்டால் அடுத்த மாதத் தொடக்கத்தில் அசல் குறையாமல் கைக்கு வந்துவிடும். செலவு இரண்டு வெள்ளிக் கட்டணம் மட்டுமே.

இருபதாம் ஆண்டு முடிவில்

ஒன்றும் நேரவில்லை, 52 வயதில் நலமாக இருக்கிறார். எண்டோமென்ட்காரர்கள் காட்டும் படம் இதுதான். இதையும் நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும்.

விற்கும்போது தரும் தாள்களில் பலன் விளக்கப் பட்டியல் ஒன்று இருக்கும். ஆண்டுவாரியாக, அதுவரை கட்டிய பிரீமியம், இறப்புப் பலன், சரண் மதிப்பு என்று நிரல்கள் போகும். ஒவ்வொரு பலனும் உத்தரவாதமுள்ளது, உத்தரவாதமில்லாதது என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். உத்தரவாதமில்லாத பகுதி, நிறுவனத்தின் நிதி ஆண்டுக்கு 4.25 விழுக்காடு ஈட்டினால் இவ்வளவு, 3 விழுக்காடு ஈட்டினால் இவ்வளவு என்று இரண்டு முறை காட்டப்படும். 2021 ஜூலை முதல் 4.25 என்பது உச்ச அளவு, அதற்குமேல் காட்டக்கூடாது.

நம் மாதிரித் திட்டத்தில் 72,000 வெள்ளி கட்டி முடித்தபின் உத்தரவாதம் 76,000. நிதி 3 விழுக்காடு ஈட்டினால் மொத்தம் 88,000, 4.25 ஈட்டினால் 98,000. இதைப் பார்த்துவிட்டு, தனக்கு 4.25 விழுக்காடு கிடைப்பதாக நினைப்பதுதான் மிகப் பரவலான தவறு. அது நிதி ஈட்டும் வருமானம். முகவர் கட்டணம், நிர்வாகச் செலவு, காப்பின் விலை எல்லாம் கழிந்தபின் உங்களுக்கு வருவது வேறு. எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ ஒரே வரியில் போட்டுப் பார்க்கலாம்:

```
=RATE(240,-300,0,98000)*12
```

240 என்பது மாதங்கள், 300 பிரீமியம், கடைசி எண் முதிர்வுத் தொகை. விடை 2.95 விழுக்காடு அளவில் வரும். 98,000-க்குப் பதில் 88,000 போட்டால் 1.95. உத்தரவாதமுள்ள 76,000-ஐப் போட்டால் அரை விழுக்காடுதான் சொச்சம். உங்கள் பட்டியலில் உள்ள எண்களைப் போட்டுப் பாருங்கள், விற்பவர் எதிரிலேயே உட்கார்ந்து போட்டாலும் தவறில்லை. அதே தாள்களில் 'மொத்த விநியோகச் செலவு' என்றொரு நிரலும் இருக்கும். விற்பனைக்காகப் போகும் பணம் அதில் தெரியும். பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளிலேயே போய்விடுவதையும், தொடக்கத்தில் சரண் மதிப்பு ஏன் அவ்வளவு மெலிந்து கிடக்கிறது என்பதையும் அந்த ஒரே நிரல் விளக்கிவிடும்.

பிரித்த வழியில், 255 வெள்ளிக்கும் அதே 2 விழுக்காடே கிடைத்தால் இருபதாம் ஆண்டில் 75,000 வெள்ளி சேரும். 88,000-ஐவிட 13,000 குறைவு. இதை மறைத்துவிட்டு 'பிரித்தால் எப்போதும் அதிகம் கிடைக்கும்' என்று சொல்பவர்கள் பாதிக் கதைதான் சொல்கிறார்கள். அந்த 13,000 என்பது இருபது ஆண்டும் 400,000 வெள்ளிக் காப்பு வைத்திருந்ததற்கான விலை. 76,000 காப்பையும் 400,000 காப்பையும் அருகருகே வைத்து, கடைசித் தொகையை மட்டும் ஒப்பிடுவது சரியான ஒப்பீடே அல்ல. இரண்டும் முடிவில் சமமாக வேண்டுமானால் சேமிப்புக்கு ஆண்டுக்கு 3.45 விழுக்காடு அளவு கிடைக்க வேண்டும்.

அது கிடைக்குமா என்பது எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மசேநிதிச் சிறப்புக் கணக்கு 4 விழுக்காடு தருகிறது, அந்த விகிதம் நீடித்தால் 93,000 வெள்ளிக்குமேல் சேரும். ரொக்கமாக நிரப்பினால் ஆண்டுக்கு 8,000 வெள்ளிவரை வரிவிலக்கும் உண்டு. ஆனால் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது, அது ஓய்வுக்கால வருமானத்துக்குத்தான். பிள்ளையின் படிப்புச் செலவை அங்கே சேர்க்கக் கூடாது. சேமிப்புப் பத்திரத்தின் வட்டி மாதாமாதம் வெளியீட்டுக்கு ஏற்ப மாறும், ஆனால் எப்போதும் எடுக்கலாம். பங்குக் குறியீட்டு நிதிகள் நீண்ட காலத்தில் இவற்றை மிஞ்சலாம். எடுக்க வேண்டிய ஆண்டிலேயே விழவும் செய்யலாம். ஆறு மாதச் செலவுக்கான பணம் சேரும்வரை பத்திரத்தில் போட்டுவிட்டு, அதன்பின் மீதியைத் தேவைக்கேற்பப் பிரிப்பதையே நாங்கள் சொல்வோம்.

எண்டோமென்ட்டின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. கையில் இருந்தால் செலவழித்துவிடுவோம் என்று தெரிந்தவர்களை அது கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டுப்பாட்டுக்கு அவர்கள் தரும் விலை, முதல் ஆண்டுகளின் சரண் நட்டம். சம்பளம் வரும் நாளிலேயே 255 வெள்ளி வேறொரு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்தால் அந்த வேலையின் பெரும்பகுதி இலவசமாகவே நடந்துவிடும். போதுமான டெர்ம் ஏற்கெனவே இருந்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒரு குறிப்பிட்ட செலவுக்காக, விலக முடியாத சேமிப்பு வேண்டும் என்பவர் எண்டோமென்ட் எடுத்தால் அதில் பெரிய தவறில்லை. அதை அவர் காப்பாக எண்ணாமல் இருந்தால் சரி.

ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றால்

இதுவரை படித்துவிட்டு, பழைய எண்டோமென்ட்டை நாளைக்கே முறித்துவிடலாம் என்று கிளம்ப வேண்டாம். ஒப்பந்தத் தாள் கைக்கு வந்து 14 நாள் ஆகவில்லையென்றால் ரத்து செய்து, மருத்துவச் சோதனை போன்ற செலவு ஏதாவது இருந்தால் அது போக, மீதியைத் திரும்பப் பெறலாம். அதைத் தாண்டிவிட்டால் கணக்கு மாறுகிறது. கட்டிய பணத்தை மறந்துவிட்டு, இன்று கையில் வரும் சரண் மதிப்பையும் இனிக் கட்ட வேண்டியதையும் மட்டும் பார்க்க வேண்டும்.

அதே திட்டத்தில் பன்னிரண்டு ஆண்டு முடிந்துவிட்டது, இன்றைய சரண் மதிப்பு 40,000 வெள்ளி என்று வைப்போம். மீதி 96 மாதம், முதிர்வில் 88,000.

```
=RATE(96,-300,-40000,88000)*12
```

விடை ஏறக்குறைய 3.8 விழுக்காடு. தொடக்கத்திலிருந்து பார்த்தால் 2 விழுக்காட்டைத் தொடாத அதே திட்டம், இங்கிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. செலவெல்லாம் முன்னாலேயே போய்விட்டதுதான் காரணம். இந்த நிலையில் இருப்பவர் அதைத் தொடர்ந்து கட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒரு டெர்ம் சேர்த்துக்கொள்வதே மேல். இரண்டு மூன்று ஆண்டே ஆனவருக்கு விடை வேறாக வரலாம். எண்களை நிறுவனத்திடமே கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஊரில் எடுத்த எல்ஐசி ஒப்பந்தங்களுக்கும் இதே கணக்குதான். கூடுதலாக, அங்கே காப்பு ரூபாயில் இருக்கிறது, இங்கே குடும்பத்தின் செலவு வெள்ளியில். பத்து லட்சம் ரூபாய் என்பது பெரிதாகத் தெரிந்தாலும் இங்குள்ள குடும்பத்துக்கு அது சில மாதச் செலவு மட்டுமே.

முறிப்பது என்றே முடிவானால் வரிசை முக்கியம். டெர்முக்கு விண்ணப்பித்து, உடல்நலக் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் எழுதி, ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்து, முதல் பிரீமியம் கழிந்தபின்தான் பழையதை முறிக்க வேண்டும். இடையில் சர்க்கரை நோயோ ரத்தக்கொதிப்போ தெரியவந்திருந்தால் டெர்ம் விலை ஏறலாம், மறுக்கவும்படலாம். முறித்துவிட்டு அதைத் தெரிந்துகொண்டால் இரண்டுமே இல்லாமல் போகும். பழைய வியாதியை மறைத்து விலையைக் குறைப்பதும் வேண்டாம். இழப்பீடு கேட்கும்போது மருத்துவக் குறிப்புகளை நிறுவனம் கேட்டு வாங்கும், பணம் மறுக்கப்படும்போது கணவர் உயிரோடு இருந்து விளக்கமளிக்க முடியாது.

டெர்ம் எடுக்கும்போது காலத்தையும் பார்த்து எடுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வகை இன்று மிக மலிவாகத் தெரியும், ஒவ்வொரு புதுப்பிப்பிலும் வயதுக்கேற்ப விலை ஏறும். 65 வரை ஒரே விலை என்ற வகை முதல் நாளில் சற்றுக் கூடுதல், 50 வயதுக்குமேல் மிகக் குறைவு. வேலையிடத்தில் தரும் குழுக் காப்பை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், வேலை போகும் அன்றே அதுவும் போகிறது. பிரீமியத்தைக் கைரோவில் போட்டால், அந்தக் கணக்கில் எப்போதும் ஓரிரு மாதப் பணம் இருக்கட்டும். டெர்முக்குச் சரண் மதிப்பு கிடையாது என்பதால், கருணைக்காலம் தாண்டினால் அதைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் வந்ததும் மனைவியை வாரிசாக நியமிக்கும் படிவத்தையும் நிரப்பி நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு, ஒப்பந்த எண்ணை அவர் தொலைபேசியில் சேமித்துக் கொடுங்கள். மசேநிதி நியமனம் இந்தத் தனியார் காப்புறுதிப் பணத்துக்குச் செல்லாது, இதற்குத் தனிப் படிவம்.